ஆறு லட்சம் பேரில் சேலை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

கேள்வி: நெகமம் பக்கம் 12 தறி வைத்துக் கைத்தறி காட்டன் சேலை நெய்து ஆன்லைனில் விற்கிறோம். மாதம் சுமார் 120 சேலை, ஒன்று 2,400 ரூபாய். ஒரு வருடத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று 2 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். ஒருவருக்கு இன்ஸ்டாகிராமில் 6 லட்சம் ஃபாலோயர்ஸ், ஒரு ரீலுக்கு 1,20,000 கேட்கிறார். இன்னொருவர் கல்லூரி ஆசிரியை, 38 ஆயிரம் ஃபாலோயர்ஸ், ரீலுக்கு 12,000. என் கணவர் பெரியவரையே பிடிப்போம் என்கிறார். இருவருடைய பக்கத்தின் பெயரும் அவர்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களும் இணைத்திருக்கிறேன். யாரை எடுப்பது? – கோவை வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய முகம் வந்தால் கண்காட்சியில் ஸ்டால் போடும்போது "அவங்க கட்டின சேலை இதானே?" என்று நாலு பேர் நிற்பார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அந்த விலை 1,20,000 ரூபாயா என்பதை உங்கள் கணக்கை வைத்துத்தான் பார்க்க முடியும், அவருடைய ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்துப் பார்க்க முடியாது.

உங்கள் சேலையின் அடக்கம் எனக்குத் தெரியாது, அதனால் ஒரு உத்தேசக் கணக்கு போடுகிறேன், உங்கள் எண்களை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். நூல், சாயம், நெசவுக்கூலி எல்லாம் சேர்த்து 1,550 என்று வையுங்கள். பேக்கிங், கூரியருக்கு 150. பணம் வரும் வழியில் பிடிக்கும் கமிஷன், திரும்பி வரும் சேலைகளின் நஷ்டம் இதற்கெல்லாம் 100. மிச்சம் 600 ரூபாய். அப்படியென்றால் பெரியவருடைய ஒரு ரீலின் காசைத் திரும்ப எடுக்கவே 200 சேலை கூடுதலாக விற்க வேண்டும், ஆசிரியையின் ஒரு ரீலுக்கு 20 சேலை போதும்.

இப்போது ஸ்கிரீன்ஷாட்களுக்கு வருவோம். 6 லட்சம், 38 ஆயிரம் என்ற இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள், ஒரு ரீலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. பெரியவருடைய கடைசி 12 ரீல்களில் ஒன்று மட்டும் 9 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது, அது கிச்சனில் பூனை ஓடுகிற ரீல், சேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மற்றவை 45 ஆயிரத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. அவருடைய பார்வையாளர்களில் 64 சதவீதம் ஆண்கள். இதில் ஆச்சரியமே இல்லை, அழகாக உடுத்திப் படம் போடும் பெண்களின் பக்கங்கள் பலவற்றில் நிலவரம் இதுதான், துணி விற்கிறவர்கள்தான் கேட்கத் தவறிவிடுகிறோம். மீதி 36 சதவீதம் என்றால் 16 ஆயிரம் பெண்கள். அதில் பாதிப்பேர் 18 முதல் 24 வயது. 2,400 ரூபாய்க்குக் காட்டன் சேலையை அந்த வயதில் தன் காசில் வாங்குகிறவர்கள் குறைவு என்று உங்களுக்கே தெரியும். ஆக உங்களுக்கு வேண்டிய ஆட்கள் சுமார் 8 ஆயிரம்.

ஆசிரியையின் ரீல்களை 11 ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். 88 சதவீதம் பெண்கள், அதில் பத்துக்கு எட்டுப் பேர் 25 வயதைத் தாண்டியவர்கள். பெருக்கிப் பாருங்கள், 7,700 பேர் சொச்சம்.

அதாவது ஏறக்குறைய அதே எண்ணிக்கைப் பெண்களைத்தான் இருவரும் உங்களுக்குக் காட்டுகிறார்கள், ஒருவர் பத்து மடங்கு காசு கேட்கிறார். பெரியவரிடம் காசு தேற வேண்டுமென்றால் பார்க்கும் 40 பெண்களில் ஒருத்தி வாங்க வேண்டும், அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஆசிரியையிடம் 385-இல் ஒருத்தி வாங்கினால் போதும். இது தோராயக் கணக்குதான், ஒவ்வொரு ரீலையும் பார்க்கும் கூட்டம் கொஞ்சம் மாறும், இருந்தாலும் பத்து மடங்கு வித்தியாசத்தை அந்தத் தோராயம் மாற்றிவிடாது. ஒரு விஷயம் மட்டும் செய்யுங்கள்: ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், அதில் எண்ணை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. Insights பக்கத்தைத் திறந்து, கடைசி 90 நாள் என்று தேர்ந்தெடுத்து, ஊர், வயது, ஆண் பெண் மூன்றையும் காட்டி ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை யாரும் யோசிப்பதில்லை. பெரியவருடைய ரீல் உண்மையிலேயே ஓடி, மூன்று நாளில் 200 ஆர்டர் வந்துவிட்டது என்று வையுங்கள். உங்களிடம் 12 தறி. தறிக்கு மாதம் 10 சேலை. வேறு யாருக்கும் நெய்யாமல் இதை மட்டும் நெய்தாலே ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். இடையில் ஒரு வாரம் மழை பிடித்தால் பாவு காயாது, ஒரு நெசவாளர் வீட்டில் கல்யாணம் என்றால் தறி நிற்கும். மூன்றாவது வாரமே அந்த ரீலுக்குக் கீழே "ஆர்டர் போட்டு 20 நாள் ஆச்சு, பதிலே இல்லை" என்று கமெண்ட் விழ ஆரம்பிக்கும், அது உங்கள் காசில் வாங்கிய இடத்தில் உங்களுக்கு எதிராக நிற்கும் போர்டு. இந்த அவசரத்தில்தான் சிலர் விசைத்தறிச் சேலையை வாங்கிக் கலந்து அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஆனால் அந்த நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தறியின் வேகத்துக்கு ஏற்ற கூட்டம்தான் கைத்தறி லேபிளுக்குப் பொருத்தமான கூட்டம்.

எண்ணிக்கை இவ்வளவு போதும். நான் இரண்டு பக்கங்களையும் பின்னோக்கித் தள்ளித் தள்ளி இரண்டு வருடத்துக்குப் பார்த்தேன், அதற்கு ஒரு மாலை போனது. உங்கள் முடிவை அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

பெரியவர் கடந்த ஆறு மாதத்தில் காசு வாங்கிப் போட்ட பதிவுகள் என்று எனக்குத் தெரிந்தவை 31. அதில் 499 ரூபாய்ச் சேலையைப் "பட்டு" என்று சொல்லி விற்கும் இரண்டு கடைகள், நிறம் வெளுக்கும் க்ரீம் ஒன்று. அதற்கு முந்தைய பழைய பதிவுகளில் காசு கட்டி ஆடும் ஒரு கேம் ஆப்பும் உண்டு. அந்த வகை ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டே தடை செய்துவிட்டார்கள், அவருடைய பக்கத்தில் அந்தப் பதிவு இன்னும் அப்படியே கிடக்கிறது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு அது தொழில், கேட்கிறவர்களுக்கெல்லாம் செய்கிறார். ஆனால் போன மாதம் 499-க்குப் "பட்டு" என்று சொன்ன அதே வாய் இந்த மாதம் "2,400-க்குக் கைத்தறி, நெசவாளருக்கு நியாயக் கூலி" என்று சொன்னால் பார்க்கிறவள் எதை நம்புவாள்? அந்த 499-ஐத்தான் நினைவில் வைத்திருப்பாள், உங்கள் விலை அவளுக்குக் கொள்ளையாகத் தெரியும்.

கொள்கைப் பொருத்தம் என்று எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்களே, என் அனுபவத்தில் அதை இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் கண்டுபிடிக்க முடிகிறது. பெரியவருடைய ஒவ்வொரு துணிப் பதிவும் தள்ளுபடிக் கூப்பனில் முடிகிறது. அப்படி இரண்டு வருடம் பழகிய கூட்டம் கூப்பன் இல்லாமல் வாங்காது. உங்களுக்கு நிற்பது 600 ரூபாய், 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 480 போய்விடும், அப்புறம் 120 ரூபாய்க்காக ஒரு சேலையை மடித்து அனுப்ப வேண்டும். அடுத்தது, அவர் ஒரு உடுப்பை இரண்டாவது முறை அணிந்து நான் பார்க்கவே இல்லை. நீங்கள் உங்கள் பக்கத்தில் "பத்து வருஷம் கட்டலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆசிரியையோ ஒரே மாம்பழ நிறச் சேலையை இரண்டு வருடத்தில் ஐந்து முறை கட்டிப் படம் போட்டிருக்கிறார், ஒருமுறை அதன் முந்தானையில் நூல் பிரிந்ததையும் அதைத் தைத்த விதத்தையும் காட்டியிருக்கிறார். அந்தச் சேலைக்கு யாரும் காசு கொடுத்ததாகத் தெரியவில்லை. நீங்கள் தேட வேண்டிய அடையாளம் இதுதான், காசு வருவதற்கு முன்பே அந்த ஆள் உங்கள் பொருளைப் போன்ற ஒன்றோடு வாழ்ந்திருக்கிறாரா என்பது. அவருடைய கமெண்ட்களையும் பாருங்கள். "சாயம் போகுதா மேடம்?", "கஞ்சி போடணுமா?", "இந்த பிளவுஸ் எங்க தைச்சீங்க?" என்று கேள்விகளாக இருக்கின்றன, அவரும் உட்கார்ந்து பதில் எழுதுகிறார். பெரியவர் பக்கத்தில் இதயமும் தீப்பிழம்புமாக நூற்றுக்கணக்கில் விழுகிறது, அதில் பாதி அவரைப் போன்ற மற்ற இன்ஃப்ளுயன்சர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வது. பெயர்களைத் தொட்டுப் பாருங்கள், திரும்பத் திரும்ப அதே 30 பேர்தான்.

ஆசிரியையிடம் குறையே இல்லையா என்றால், உண்டு. வெளிச்சம் சுமார், வீடியோவில் பேச்சு நீளம், சேலையின் பார்டர் ஒருமுறை கூட நெருக்கத்தில் தெரியவில்லை. இதெல்லாம் சரிசெய்யக் கூடியவை, ஒரு மதியம் நல்ல புகைப்படக்காரரோடு உட்கார்ந்தால் போதும். காசு வாங்கிய இரண்டு பதிவுகளில் ஒன்றில் விளம்பரம் என்று குறிப்பிடாமல் விட்டிருக்கிறார், அதைத்தான் நான் கொஞ்சம் கவனமாகப் பார்த்தேன். மற்றதில் ஒழுங்காகப் போட்டிருப்பதால் தெரியாமல் விட்டிருக்கலாம். ஆனால் உங்கள் பதிவில் அப்படி நடக்கக் கூடாது. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 2021-இலேயே இன்ஃப்ளுயன்சர்களுக்கு விதி போட்டுவிட்டது, 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், அதைப் பேசியவருக்கு மட்டுமில்லை, பொருளை விற்கிறவருக்கும் விழலாம். இலவசமாகக் கொடுத்த சேலைக்கும் இது பொருந்தும். Paid partnership என்ற பட்டியைப் போடச் சொல்லுங்கள், பதிவின் முதல் வரியிலேயே தமிழில் "இது விளம்பரம்" என்றும் எழுதச் சொல்லுங்கள், ஹேஷ்டேக் குவியலுக்கு அடியில் ஒளிக்க வேண்டாம். இதனால் பார்வை குறையும் என்று சிலர் பயப்படுவார்கள். உங்களுக்கு வேண்டியது நம்புகிற ஆட்கள், அதனால் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்போது வருட ஒப்பந்தம். இதில் நானே சூடுபட்டவன். பல வருடங்களுக்கு முன் ஒரு குர்த்தி லேபிளுக்கு வேலை பார்த்தபோது, அப்போது எல்லோர் வாயிலும் இருந்த ஒரு முகத்தை ஒரே சந்திப்பில் பேசி முடித்து, முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்து, புது வரிசைக்கே அவர் பெயரை வைத்தோம். நான்காவது மாதம் அவர் வேறொரு கடையின் துணியைக் கட்டிக்கொண்டு "என் வாழ்நாளிலேயே சிறந்த குர்த்தி" என்று பேசினார். எங்கள் ஒப்பந்தத்தில் அதைத் தடுக்க ஒரு வரி கூட இல்லை. 1,400 குர்த்தியின் டேகில் அவர் பெயர் அச்சாகியிருந்தது, உட்கார்ந்து வெட்டினோம்.

எங்களுக்காவது கத்திரிக்கோலோடு போயிற்று. அடிடாஸ் நிறுவனம் அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டோடு 2013-இல் கைகோத்து, 2015-இல் இருந்து யீசி என்ற பெயரில் காலணி விற்றுவந்தது. அவர் யூதர்களுக்கு எதிராகப் பேசியதால் 2022 அக்டோபரில் உறவை முறித்துக்கொள்ள வேண்டி வந்தது, அந்த வருட நிகர லாபத்தில் மட்டும் 25 கோடி யூரோ வரை அடி விழும் என்று அவர்களே அறிவித்தார்கள், விற்காமல் கிடந்த காலணியை என்ன செய்வது என்று அடுத்த வருடமெல்லாம் திண்டாடினார்கள். ஆள் மாறினால் முகத்தை மாற்றிக்கொள்ளலாம், பொருளே அவர் பெயரில் இருந்தால் அதுவும் முடியாது. உங்கள் சேலை வரிசைக்கு ஊரின் பெயரோ பூவின் பெயரோ வையுங்கள், யாருடைய பெயரையும் வைக்காதீர்கள், அந்த ஆசிரியை எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

ஆசிரியையோடு நேராக வருட ஒப்பந்தத்துக்குப் போகாதீர்கள். மூன்று மாதம் சோதனை, மூன்று ரீல், 36,000 ரூபாய். முதலில் ஒருநாள் அவரை நெகமத்துக்கு அழைத்துப் போய் தறியைக் காட்டுங்கள், நெய்கிறவரோடு பேச விடுங்கள், கேமரா இல்லாமல். அப்புறம் இரண்டு சேலை கொடுத்து, மூன்று முறை துவைத்த பிறகுதான் முதல் ரீல் போட வேண்டும் என்று சொல்லுங்கள். சாயம் போனால் போகிறது என்று அவர் முதலில் உங்களிடம் சொல்லட்டும், அதைக் கேட்டு நீங்கள் சரிசெய்ய நேரம் இருக்கும். ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்காதீர்கள். சொல்லக் கூடாதவற்றை மட்டும் எழுதிக் கொடுங்கள்: நிரூபிக்க முடியாத எதையும், அதாவது "சாயமே போகாது", "இயற்கைச் சாயம்", "உலகத்தரம்" போன்றவற்றைச் சொல்ல வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து எதைப் பார்ப்பது? கூப்பனை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ரீலைப் பார்த்தவள் அப்போதே வாங்குவதில்லை, அக்காவுக்கு அனுப்புவாள், சம்பளம் வரக் காத்திருப்பாள், ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் வந்து "அந்த டீச்சர் கட்டியிருந்த பச்சை இருக்கா?" என்பாள். அதனால் ஆர்டர் எடுக்கும் ஒவ்வொரு முறையும் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ரீலுக்கு 20 என்றால் மொத்தம் 60 சேலை வர வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 40 வந்தாலே தொடர்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்த 40 பேரில் நாலைந்து பேராவது இரண்டாவது சேலைக்கு வந்திருக்க வேண்டும், திரும்பி வந்த சேலைகள் வழக்கத்தைவிடக் கூடியிருக்கக் கூடாது. திரும்புவது கூடினால் படத்தில் தெரிந்த நிறமும் கையில் வந்த நிறமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம், அது அவருடைய தவறாக இருக்காது, உங்கள் புகைப்படத்தின் தவறு.

தேறினால் மீதி ஒன்பது மாதத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள், மாதம் ஒரு பதிவு. வேறு துணியே உடுத்தக் கூடாது என்று கட்டாதீர்கள், அது நடக்காது, நடக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். வேறு கைத்தறிக் காட்டன் சேலை லேபிளுக்கும், விசைத்தறியைக் கைத்தறி என்று விற்கும் கடைக்கும் பேசக் கூடாது, அவ்வளவு போதும். பணம் மாதாமாதம், பதிவு வந்த பிறகு. அவருடைய படங்களை உங்கள் தளத்திலும் விளம்பரத்திலும் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று தேதி போட்டு எழுதுங்கள், பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இருவரில் யார் வேண்டுமானாலும் 30 நாள் அறிவிப்பில் விலகலாம் என்றும் ஒரு வரி. விலகும் உரிமை அவருக்கும் வேண்டும், நாளைக்கு உங்கள் சேலையின் தரம் இறங்கினால் அவர் பெயரும்தானே கெடும். கொடுக்கும் சேலைகளின் மதிப்பு வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ் விதி ஒன்று இருக்கிறது, உங்கள் வியாபார அளவுக்கு அது பொருந்துமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்று ரீல், ஒன்பது மாதம் எல்லாம் சேர்த்தால் 1,44,000 ஆகும். மிச்சம் இருக்கும் 56,000-இல் ஒரு பகுதியை அந்தப் புகைப்படக்காரருக்குக் கொடுங்கள், மீதியில் உங்கள் கணவர் கண்காட்சிக்கு ஸ்டால் எடுக்கட்டும், ஆசிரியை கட்டிய சேலைகளையே அங்கே முன்னால் தொங்கவிடுங்கள்.

இதெல்லாம் பேசுவதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள், எந்தக் கல்லூரி என்று. அரசுக் கல்லூரி என்றால் அனுமதி இல்லாமல் இப்படி வெளி வருமானம் வாங்க அவருக்கு விதி இடம் கொடுக்காது. தனியார் கல்லூரி என்றாலும் நியமன உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம் வர ஒரு மாதம் ஆகலாம். அதுவரை சேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு நெகமத்துக்கு அழைத்துப் போங்கள்.